வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? – கேள்வி-பதில்

இந்த முறை தருமபுரி மாவட்ட வாசகர்களின் கடிதங்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் சிறிய கிளினிக் நடத்தும் மருத்துவர்களும் அவர்களுடைய கணக்கைப் பார்க்கும் வீட்டாரும். எல்லோருக்கும் ஒரே சிக்கல்: மெஷின் வேண்டும், கையில் முழுப் பணம் இல்லை.

கேள்வி: கலர் டாப்ளர் ஸ்கேன் மெஷின் ஒன்றின் விலை 20 லட்சம், அதன் மேல் ஜிஎஸ்டி. வங்கி 11 சதவீத வட்டி சொல்கிறது. லீஸ் கம்பெனிக்காரர், "மாதம் 44,000 ரூபாய், 60 மாதம். கணக்குப் போட்டால் வட்டி 6.4 சதவீதம்தான்" என்கிறார். 11 பெரிதா, 6.4 பெரிதா என்று கேட்டால் குழந்தையும் பதில் சொல்லும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. – மருத்துவர், அரூர்

உங்கள் மனம் சொல்வதுதான் சரி டாக்டர். அந்த 6.4 எப்படி வந்தது என்று பாருங்கள். 44,000 ரூபாயை 60 மாதம் கட்டினால் 26.4 லட்சம். அதில் 20 லட்சம் போக மிச்சம் 6.4 லட்சம். அதை 20 லட்சத்தாலும் ஐந்து வருடத்தாலும் வகுத்தால் 6.4 சதவீதம். முதல் மாதம் தொடங்கி கடைசி மாதம் வரை முழு 20 லட்சமும் உங்களிடமே இருந்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. நீங்களோ மாதாமாதம் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். மூன்றாம் வருட முடிவில் பாதிக்கு மேல் அடைந்திருக்கும். அப்போதும் முழுத் தொகைக்கே வட்டி போடுவதைத்தான் 'ஃப்ளாட் ரேட்' என்பார்கள். வங்கி சொல்லும் 11 சதவீதம் மாதாமாதம் குறைந்து வரும் நிலுவைக்கு மட்டும். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

நீங்கள் அனுப்பிய கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் இன்னும் சில உள்ளன. வாடகை மாதத் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும். மூன்று மாத வாடகை டெபாசிட், 1,32,000 ரூபாய். அதற்கு வட்டி கிடையாது. ஐந்து வருடம் கழித்து மெஷினை நீங்களே வைத்துக்கொள்ள விலையில் 10 சதவீதம், அதாவது 2 லட்சம் கட்ட வேண்டும். வாடகைக்கும் அந்த 2 லட்சத்துக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆக மாத வாடகை 46,200. கடைசித் தொகை 2,10,000.

எந்தத் தேதியில் எவ்வளவு கையை விட்டுப் போகிறது என்பதை வரிசையாக எழுதினால் உண்மை வட்டி தானாக வெளிவரும். ரொக்கமாக வாங்கினால் இந்த மெஷினுக்கு ஜிஎஸ்டியோடு 21 லட்சம் கொடுப்பீர்கள். லீஸில் முதல் நாளே டெபாசிட் 1,32,000, முதல் வாடகை 46,200 போகிறது. ஆக கம்பெனி உண்மையில் உங்களுக்காகப் போட்ட பணம் 19,21,800. அடுத்த 59 மாதம் 46,200 வீதம் கட்டுகிறீர்கள். கடைசியில் 2,10,000 கொடுத்து, டெபாசிட் 1,32,000 திரும்பப் பெறுகிறீர்கள். நிகரமாக 78,000 போகிறது. எக்செல் தெரிந்த யாரையாவது அருகில் உட்கார வைத்து, A1 கட்டத்தில் 1921800, A2 முதல் A60 வரை -46200, A61-இல் -78000 என்று போட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதை அடிக்கச் சொல்லுங்கள்:

```
=IRR(A1:A61,0.01)*12
```

விடை சுமார் 15.8 சதவீதம். 6.4 என்று சொன்னதன் உண்மை வட்டி இது.

அதே மெஷினுக்கு வங்கிக் கணக்கு இப்படி: 21 லட்சத்தில் 20 சதவீதம், 4,20,000 ரூபாய் உங்கள் மார்ஜின். கடன் 16,80,000. வட்டி 11 சதவீதம், 60 மாதம் என்றால் இஎம்ஐ 36,527. புராசஸிங் கட்டணம் 1 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறத்தாழ 19,800. அதையும் சேர்த்தால் உண்மை வட்டி 11.5 சதவீதம் அளவில் வரும். ஐந்து வருட மொத்தச் செலவு 26.31 லட்சம். லீஸில் மெஷினைச் சொந்தமாக்கும் வரை போவது 29.82 லட்சம். வித்தியாசம் மூன்றரை லட்சம்.

லீஸுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. முதல் நாளில் லீஸுக்கு 1.78 லட்சம் போதும்; கடனுக்கு 4.4 லட்சம் வேண்டும். அந்த 2.6 லட்சம் இன்று உங்களிடம் இல்லவே இல்லை என்றால் நான் போட்ட கணக்கு உங்களுக்கு உதவாது. இருக்கிறதென்றால், மாதம் 9,673 ரூபாய் குறைவாகக் கட்டுவதால் 27 மாதத்தில் அது திரும்ப வந்துவிடும். அதற்குப் பின் உள்ள 33 மாதமும் உங்களுக்கு லாபம்.

கேள்வி: கடன் வாங்கினாலும் ஜிஎஸ்டி, லீஸ் எடுத்தாலும் ஜிஎஸ்டி. இதில் என்ன வித்தியாசம்? – அதே மருத்துவர், அரூர்

வரி எதன் மேல் விழுகிறது என்பதில் வித்தியாசம். கடனில், புராசஸிங் கட்டணத்துக்கான சிறு தொகையை விட்டால், மெஷின் விலைக்கு ஒரு முறை ஜிஎஸ்டி, அவ்வளவுதான். வங்கி வாங்கும் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. லீஸில் ஒவ்வொரு வாடகைக்கும் ஜிஎஸ்டி உண்டு, அந்த வாடகைக்குள் கம்பெனியின் வட்டியும் லாபமும் அடங்கியிருக்கின்றன. உங்கள் கணக்கில் கடன் வழியில் ஜிஎஸ்டி 1 லட்சம். லீஸ் வழியில் 1,42,000.

ஒரு துணிக்கடைக்காரர் இதற்குக் கவலைப்பட மாட்டார். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் நோயாளியிடம் நீங்கள் வரி வாங்குவதில்லை. அதனால் கட்டியதைக் கழிக்கவும் வழியில்லை. அந்த 1,42,000 முழுக்க உங்கள் செலவு. லீஸ் விளம்பரத் தாளில் "ஜிஎஸ்டி வரவு கிடைக்கும்" என்று அச்சிட்டிருந்தால் அது தொழிற்சாலைக்காரருக்கான வாசகம், கிளினிக்குக்குப் பொருந்தாது.

இன்னொன்று. மருத்துவக் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கருவியின் வாடகைக்கும் கருவிக்கு உள்ள அதே விகிதம்தான். அதற்கு முன் கையெழுத்திட்ட லீஸ் யாரிடமாவது ஓடிக்கொண்டிருந்தால், இப்போது வரும் பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவி மகப்பேறு மருத்துவர். நான் கணக்கைக் கவனிக்கிறேன். "லீஸ் வாடகை முழுவதையும் செலவாகக் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம், கடனில் அது முடியாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா? – பாலக்கோடு

முதலில் ஒரு கேள்வி: உங்கள் வீட்டு டாக்டர் வருமான வரிக் கணக்கை எந்த முறையில் தாக்கல் செய்கிறார்? ஆடிட்டர்கள் '44ஏடிஏ' என்று பழகிய பெயரால் சொல்லும் உத்தேச முறையில் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வருட வரவு 50 லட்சத்துக்குள், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சத்துக்குள் இருக்கும் மருத்துவர் வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டலாம். மறு பாதியில் எல்லாச் செலவும் அடக்கம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. லீஸ் வாடகை, கடன் வட்டி, தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. சிறு கிளினிக்குகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அவர்களுக்கு லீஸின் வரிச்சலுகை பூஜ்யம்.

முழுக் கணக்குப் புத்தகம் வைத்துத் தாக்கல் செய்பவர் என்றால் கணக்கு இன்னும் வேடிக்கையாகத் திரும்புகிறது. சாதாரண இயந்திரத்துக்குத் தேய்மானம் 15 சதவீதம். ஆனால் வருமான வரி விதிகளில் 'உயிர் காக்கும் மருத்துவக் கருவிகள்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் உள்ளவற்றுக்கு 40 சதவீதம். டயாலிசிஸ் கருவி, வென்டிலேட்டர், எம்ஆர்ஐ, சில வகை எண்டோஸ்கோப் ஆகியவற்றோடு கலர் டாப்ளரும் அதில் இருக்கிறது. அரூர் டாக்டரின் 21 லட்சத்துக்கு முதல் வருடத் தேய்மானம் 8.4 லட்சம், கடன் வட்டி சுமார் 1.72 லட்சம், ஆக 10 லட்சத்துக்கு மேல் கழிவு. லீஸில் அதே வருடம் கழிக்க முடிவது 5.54 லட்சம். முதல் வருடத்தில் வரிக்குச் சாதகம் கடன்தான். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தேய்மானம் பாதிதான் கிடைக்கும். ஆகவே செப்டம்பருக்குள் மெஷின் ஓடத் தொடங்குவது நல்லது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், கையெழுத்துப் போடுமுன் இந்த விகிதத்தை ஆடிட்டரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் லீஸே கூடாதா? – பாப்பிரெட்டிப்பட்டி

கூடும். இன்னும் எத்தனை வருடம் அதே ஊரில் இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாத நிலையில் கூடும். மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர், வாடகைக் கட்டடம், இரண்டு வருடத்தில் சேலத்துக்கோ சென்னைக்கோ போய்விடலாம் என்ற நிலை. இவருக்குத் தேவை மெஷினின் உழைப்பு மட்டும், மெஷின் அல்ல. பழைய மெஷினை விற்கும் தலைவலி கம்பெனியுடையதாக இருக்கட்டும்.

ஆனால் அவர் எடுக்க வேண்டியது 24 மாத லீஸ், முடிவில் திருப்பிக் கொடுக்கும் உரிமையோடு. 60 மாத லீஸில் கையெழுத்திட்டு 24-ஆம் மாதம் திருப்பித் தரப் போனால், 'லாக்-இன்' என்ற தலைப்பின் கீழ் மீதி 36 மாத வாடகையையும் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் லீஸ் என்பது பெயர் மட்டும். முன்கூட்டி அடைக்க முடியாத கடனைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: கடனை முன்கூட்டி அடைக்கலாமா? அபராதம் கேட்பார்களே? – நல்லம்பள்ளி

2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்ட, மாறும் வட்டிக் கடன் என்றால் தனி நபரிடமோ சிறு, குறு நிறுவனத்திடமோ வணிக வங்கி முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. சிறு நிதி வங்கி, கிராம வங்கி, சில வகை நிதி நிறுவனங்களுக்கு 50 லட்சம் வரையிலான கடனில் அதே விதி. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 'ஃபிக்ஸட்' என்று எழுதியிருந்தால் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்.

கடன் கொடுப்பவர் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளையும் கட்டாயம் தர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் ஒரே எண்ணாக இருக்கும். இந்த விதி கடனுக்கானது. லீஸ் எடுப்பவர் அந்த எண்ணை மேலே சொன்ன ஐஆர்ஆர் வழியில் தானே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

கேள்வி: லீஸ் மெஷின் ரிப்பேர் ஆனால் ரிப்பேர் கம்பெனியுடைய பொறுப்புதானே? மெஷின் அவர்களுடையது ஆயிற்றே! – பென்னாகரம்

வீட்டு வாடகையில் ஓடு உடைந்தால் வீட்டுக்காரர் மாற்றித் தருவார்; அந்த நினைப்பில் கேட்கிறீர்கள். கருவி லீஸில் பெரும்பாலும் அப்படி இல்லை. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை நிற்காது, பழுது, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் எடுத்தவர் பொறுப்பு என்று ஒரு பத்தி இருக்கும். லீஸ் கம்பெனி பணம் போடுபவர்; மெஷின் விற்றவர் வேறொருவர். இருவருக்கும் நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

ஸ்கேன் மெஷினில் அடிக்கடி போவது ப்ரோப். கை தவறிக் கீழே விழுந்தால் போதும், படத்தில் கறுப்புக் கோடு விழத் தொடங்கும். மாற்ற லட்சக் கணக்கில் ஆகலாம். ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'ஏஎம்சி'யா 'சிஎம்சி'யா என்று பாருங்கள். முதலாவதில் ஆள் வந்து பார்ப்பார், உதிரிபாகத்துக்குக் காசு தனி. இரண்டாவதில் உதிரிபாகமும் சேரும், ஆனால் ப்ரோப் சேருமா, எத்தனை ப்ரோப், கீழே விழுந்த சேதமும் உண்டா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதையும் உங்களால் கழிக்க முடியாது.

சிஎம்சியை வாடகைக்குள்ளேயே சேர்த்து, பழுதாகி நிற்கும் நாளுக்கு வாடகை கழித்துத் தரும் லீஸ் யாராவது எழுத்தில் கொடுத்தால், அந்த 15.8 சதவீதத்தை நான் வேறு கண்ணோடு பார்ப்பேன். பென்னாகரத்துக்குப் பொறியாளர் எந்த ஊரிலிருந்து வருவார், புகார் சொல்லி எத்தனை மணி நேரத்துக்குள் வருவார் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: தெரிந்தவரிடம் பழைய கையடக்க ஸ்கேன் மெஷின் இருக்கிறது. மாத வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். லோனும் வேண்டாம், லீஸும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். எடுக்கலாமா? – காரிமங்கலம்

எடுக்காதீர்கள். பெண் சிசுக்கொலைக்கு எதிராக 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. அந்த அளவுக்குத் தேவை இருந்த மாவட்டம் இது. வீடுகளில் கையடக்கக் கருவி வைத்துக் கருவின் பாலினம் சொன்னவர்கள் இங்கே பிடிபட்ட செய்தி அண்மை ஆண்டுகளிலும் வந்திருக்கிறது. இந்த விஷயத்தில் 'தெரிந்தவர்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்பது குற்றம். அதன் விதிகள் வாடகையையும் பெயர் சொல்லியே தடுக்கின்றன. முதலில் பதிவுச் சான்று, அதற்குப் பிறகே மெஷின். சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவு பெற்ற கிளினிக்காக இருந்தாலும், மெஷினை மாற்றுவதையோ புதிதாகச் சேர்ப்பதையோ 30 நாள் முன்னதாக உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

இது பணக் கணக்கிலும் நுழைகிறது. சான்று வருமுன் மெஷின் வந்து இறங்கிவிட்டால் அதைத் தொட முடியாது. ஆனால் இஎம்ஐயோ வாடகையோ முதல் மாதமே தொடங்கிவிடும். கடன் என்றால் வங்கியிடம் மூன்று, நான்கு மாதத் தவணை விடுப்பு கேட்டு, சான்று கைக்கு வந்த பிறகு பணத்தை விடுவிக்கச் சொல்லலாம். லீஸில் 'வாடகை தொடங்கும் நாள்' என்ற வரியைத் தேடுங்கள். மெஷின் வந்த நாள் என்று இருந்தால், பதிவு முடிந்து நிறுவிய நாள் என்று மாற்றச் சொல்லுங்கள். விதி மீறலுக்காக மெஷினுக்கு முத்திரை வைத்துவிட்டாலும் தவணையோ வாடகையோ நிற்கப் போவதில்லை.

எக்ஸ்-ரே வாங்குபவர்களுக்கும் இதே பாடம். அங்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் eLORA தளத்தில். வாரியம் ஏற்ற மாடல்தானா என்பதைக் கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கிளினிக் லேபுக்கு ரத்த அணு எண்ணும் கருவியை இலவசமாகவே தருகிறோம் என்கிறார்கள். 36 மாதம் அவர்களிடமே ரீஏஜென்ட் வாங்கினால் போதுமாம். இதைவிட நல்ல ஒப்பந்தம் உண்டா? – லேப் டெக்னீசியன், தருமபுரி

தம்பி, கருவியின் விலை ரீஏஜென்ட் பாட்டிலுக்குள் இருக்கிறது. நீங்கள் எழுதிய எண்களையே எடுத்துக்கொள்வோம். கருவி சொந்தமாக இருந்தால் ஒரு பரிசோதனைக்கு ரீஏஜென்ட் செலவு 35 ரூபாய். ஒப்பந்தப்படி 60 ரூபாய். மாதம் 500 பரிசோதனை செய்தால் கூடுதலாகப் போவது 12,500. 36 மாதத்தில் 4.5 லட்சம். கருவியின் விலை 3 லட்சம் என்கிறீர்கள். இது விலை உயர்ந்த லீஸ்.

இதையே மறு பக்கமும் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் மாதம் குறைந்தது 400 பரிசோதனைக்கான ரீஏஜென்ட் வாங்கியாக வேண்டும் என்று இருக்கிறது. தொடக்கத்தில் 200 பேர்தான் வந்தால்? 24,000 ரூபாய்க்கு வாங்கியிருப்பீர்கள். ஒரு பரிசோதனைக்கு 120 ரூபாய் ஆகிவிடும். மீதிப் பாட்டில்கள் காலாவதியாகும். ஆட்கள் வருவது உறுதியில்லாத புது லேபுக்கு, குறைந்தபட்ச அளவு இல்லாத ஒப்பந்தம் கிடைத்தால் 60 ரூபாயும் நியாயமான விலைதான், ஏனென்றால் கூட்டம் வராத ஆபத்தைக் கம்பெனி ஏற்கிறது. குறைந்தபட்ச அளவும் வைத்து 60 ரூபாயும் கேட்டால் ஆபத்து முழுக்க உங்கள் தலையில். கடந்த ஆறு மாத லேப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, வந்ததில் குறைவான மாதத்தின் எண்ணிக்கையைத்தான் உங்கள் குறைந்தபட்ச அளவாக ஒப்புக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் ஊரிலேயே கிளினிக் வைக்கப் போகிறாள். வங்கியில் ஈடு கேட்பார்கள். இருக்கிற ரெண்டு ஏக்கரையும் வைத்துவிடலாமா? – விவசாயி, மொரப்பூர்

ஐயா, பத்திரத்தை எடுப்பதற்கு முன் மகளை உத்யம் பதிவு செய்யச் சொல்லுங்கள். அது இணையத்தில் இலவசம். கிளினிக்கும் சேவைத் துறைச் சிறு நிறுவனம்தான். மத்திய அரசும் சிட்பியும் 2000-இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியம் ஒன்று இருக்கிறது; வங்கியில் 'சிஜிடிஎம்எஸ்இ' என்று கேட்டால் புரியும். சொத்து ஈடு இல்லாமல் வங்கி கொடுக்கும் கடனுக்கு அந்த நிதியம் உத்தரவாதம் நிற்கும். வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, அதையும் வட்டியோடு கூட்டிப் பாருங்கள். மகள் கட்டத் தவறினால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது; அவளிடம்தான் கேட்பார்கள். ஆனால் உங்கள் நிலம் அதில் மாட்டாது.

கிளை மேலாளர் மனம் வைக்கவில்லை என்றால் இன்னொரு வங்கிக்குப் போங்கள். 1949 முதல் தொழில்களுக்குக் கடன் தரும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகத்தையும் கேளுங்கள். மகள் இப்போதுதான் தொடங்குகிறாள் என்பதால் மாவட்டத் தொழில் மையத்தில் 'நீட்ஸ்' திட்டத்தைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உள்ள மாநிலத் திட்டம் அது. கடன் வாங்கிச் சொத்தாக்கும் முதலீட்டுக்குத்தான் அந்த மானியம். லீஸ் எடுத்த மெஷினுக்கு எதிர்பார்க்காதீர்கள். மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கப் போகக் கூடாது. விண்ணப்பம் முதலில்.

கேள்வி: கடைசியாக நானே. எல்லாம் படித்தாகிவிட்டது. கடன்தான் என்று முடிவும் செய்தேன். கையெழுத்துப் போடலாமா? – மருத்துவர், அரூர்

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. ஒரு ஸ்கேனுக்கு 900 ரூபாய் வாங்குவதாகச் சொன்னீர்கள். ஸ்கேன் பார்க்க வரும் மருத்துவருக்கு 350, ஜெல், பேப்பருக்கு 50 போக உங்கள் கையில் நிற்பது 500. மாதச் செலவு இஎம்ஐ 36,500, சிஎம்சிக்கு 8,000, ஆள், மின்சாரம் 12,000, மொத்தம் 56,500. மாதம் 113 ஸ்கேன் வந்தால்தான் கைக்காசு போகாது. 25 வேலை நாளில் ஒரு நாளைக்கு நாலரை.

இப்போது உங்கள் ஓ.பி. சீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். கடந்த மூன்று மாதத்தில் ஸ்கேனுக்காக நீங்களே வெளியே எழுதி அனுப்பியது எத்தனை? அதில் அரசு மருத்துவமனைக்குப் போய் இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள் உங்களிடம் 900 கொடுக்க மாட்டார்கள், அவர்களைக் கழித்துவிடுங்கள். மிச்சம் நாளைக்கு ஆறுக்கு மேல் என்றால் கையெழுத்துப் போடுங்கள். நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் என்றால் விலை குறைந்த மாடலுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள். அதற்கும் கீழே என்றால் கடனும் வேண்டாம், லீஸும் வேண்டாம். தவணையை ஈடுகட்டுவதற்காகத் தேவையில்லாத ஒருவருக்கு ஸ்கேன் எழுதும் நிலைக்கு உங்கள் பேனா வரக் கூடாது, டாக்டர்.